கணவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் சீதனக் காணியை விற்றது

என் கணவருக்கு மறதி நோய் என்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சொன்னபோது, மருந்துக்கு எவ்வளவு போகுமோ என்றுதான் நாங்கள் முதலில் பயந்தோம். மருந்து பெரிய செலவாக வரவில்லை. அரச கிளினிக்கில் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் இலவசம். இருப்பு இல்லாத மாதங்களில் துண்டு எழுதித் தருவார்கள், வெளியில் வாங்குவோம். காசைத் தின்றது ஆள் கூலி. அவரைத் தனியே விட முடியாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நானாகவே இருக்க என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

தொடக்கத்தில் அவர் பெயர்களை மறந்தார், கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். அது செலவில்லாத காலம். பிறகு இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று படலையைத் திறக்கத் தொடங்கினார். ஓய்வு பெற்ற ஆசிரியர். படலைக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டிய படலையை உலுப்பிக்கொண்டு, அந்தப் பக்கம் நிற்காத பிள்ளைகளிடம் வரிசையில் நிற்கச் சொல்லுவார். பகலில் ஒரு ஆள் வைத்தாக வேண்டும் என்று மகள் அப்போதுதான் முடிவெடுத்தாள்.

கணக்கைச் சொல்கிறேன், வீட்டுக்கு வீடு மாறும். பகலில் வந்து போகும் அம்மாவுக்கு நாளுக்கு 2,200 ரூபா, மாதத்தில் 26 நாள், ஆக 57,200. பம்பர்ஸ் நாளுக்கு மூன்று, ஒன்று 200 ரூபாப்படி மாதம் 18,000. வெளியில் வாங்கும் மருந்துக்கு 6,000. சத்து மா, சவர்க்காரம், மேலதிக மின்சாரம் என்று 5,000. அவருக்கு மட்டும் 86,200. எங்கள் இருவரின் சாப்பாடும் பில்களும் 38,000. மொத்தம் 1,24,200 ரூபா.

வரவு என்றால் அவருடைய ஓய்வூதியம் 64,000. எங்களிடம் 20 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் அதற்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது, அதை நம்பி ஒருவரும் கணக்குப் போடக்கூடாது. இப்போது 8 வீதத்துக்கு மாதம் 13,000 சொச்சம் வருகிறது. ஆக மாதம் 47,000 துண்டு விழுகிறது, வருஷத்துக்கு 5,64,000. மகன் கனடாவில் இருக்கிறான், கேட்டால் அனுப்புவான். ஆனால் அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. அவனுடைய காசை ஆஸ்பத்திரியில் படுக்கும் நாளுக்கென்று ஒதுக்கிவிட்டு, மாதச் செலவை எங்களிடம் உள்ளதை வைத்தே பார்க்க நினைத்தோம்.

எங்களிடம் உள்ளது என்றால் காணி. கோண்டாவிலில் வீடும் வளவும் என் பெயரில், ஒழுங்கையின் அந்தப் பக்கம் இரண்டு பரப்பு வெறுங்காணியும் என் பெயரில். இரண்டும் அம்மா தந்த சீதனம். வீட்டைத் தொடக்கூடாது, வெறுங்காணியை விற்கலாம் என்று தீர்மானித்தோம். சுவிஸில் இருக்கும் ஒருவர் பரப்பு 12 இலட்சத்துக்குக் கேட்டார். 24 இலட்சம் என்றால் நான்கு வருஷத் துண்டை மூடிக் கொஞ்சம் மிஞ்சும். இராவுக்கும் ஆள் வைக்க வேண்டி வந்தால் அதுவே மூன்று வருஷம்கூட வராது.

வாங்குபவரின் சட்டத்தரணி உறுதியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஐயா கையெழுத்து வைப்பாரா?"

காணி என்னுடையது, அவர் ஏன் கையெழுத்து வைக்க வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட எங்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி சீதனம் மனைவியின் தனிச் சொத்துத்தான், கணவரின் கடனுக்கு அதைப் பொதுவாகப் பிடிக்க முடியாது. நகையை, காசை மனைவி தன் பாட்டில் கொடுக்கலாம். ஆனால் காணி, வீடு போன்ற அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் சுகமாக இருக்கும் வீட்டில் அவரும் உறுதியில் கையெழுத்து வைப்பார், விஷயம் ஒருவர் கண்ணிலும் படாது. எங்கள் வீட்டில் அவர் பேனாவை வாங்கி மூடியைத் திறப்பார், மூடுவார், திறப்பார்.

பெருவிரலைப் பிடித்து ஒற்றினால் சரி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். நொத்தாரிசு மறுத்துவிட்டார். தான் எதற்கு அடையாளம் வைக்கிறேன் என்று விளங்காதவரின் அடையாளம் சம்மதம் ஆகாது, பிறகு யாராவது வழக்குப் போட்டால் அந்த உறுதியே நிற்காது, வாங்குபவரின் காசும் போகும் என்றார். அவர் சார்பில் வேறொருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதுவோமா என்று மகள் கேட்டாள். எழுதிக் கொடுப்பதற்கே விளக்கம் வேண்டும், அது மட்டுமல்ல, முன்பே எழுதியிருந்தாலும் கொடுத்தவரின் புத்தி போனால் அந்தத் தத்துவமும் செல்லாது என்று நொத்தாரிசு விளக்கினார். வேறு நாடுகளில் இருப்பதுபோல, புத்தி போன பிறகும் நிலைத்து நிற்கும் தத்துவத்தை நம்பி இங்கே திட்டம் போட முடியாது.

வழி அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருந்தது. கணவர் சித்த சுவாதீனம் இழந்திருந்தால், எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், கைவிட்டுப் போயிருந்தால், அல்லது மனைவி பிள்ளைகளின் நலனுக்குத் தேவையென்றால், அவருடைய சம்மதம் இல்லாமலே சொத்தைக் கையாள மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். மனைவி வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்திலோ காணி இருக்கும் இடத்தின் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். எங்களுக்கு இரண்டும் யாழ்ப்பாணம்தான்.

மனுவோடு சத்தியக் கடதாசி, விவாகப் பதிவு, சீதன உறுதி, நில அளவைப் படம், வைத்திய அறிக்கை என்று கட்டினோம். இவரை எதிர்மனுதாரராகக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சொல்லைக் கடதாசியில் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அது நடைமுறைக்கான சொல், அவருடைய உரிமையும் பார்க்கப்படுகிறது என்பதற்காகத்தான் என்று எங்கள் சட்டத்தரணி சொல்லி என்னைத் தேற்றினார். மகளும் மகனும் ஆட்சேபனை இல்லை என்று தனித்தனியே சத்தியக் கடதாசி தந்தார்கள். மகனுடையது கனடாவில் உறுதிப்படுத்தி வர நாளெடுத்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அதை முதலில் தொடங்குங்கள்.

எல்லாவற்றிலும் இழுபட்டது வைத்திய அறிக்கைதான். முதலில் கிடைத்த துண்டில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் மட்டும் இருந்தன. சட்டத்தரணி அதைத் திருப்பித் தந்துவிட்டார். நோய் இருக்கிறதா என்பது நீதிமன்றத்துக்குப் போதாது. ஒரு காணியை விற்பது என்றால் என்ன, அதனால் தனக்கு என்ன நடக்கும் என்பதை இவரால் விளங்கிக்கொள்ள முடியுமா, முடியாது என்றால் எந்தக் காலத்திலிருந்து, இனித் தேறுமா என்பதை நிபுணர் எழுத வேண்டும். மறதி நோயின் தொடக்கத்தில் இருக்கும் பலர் இவற்றை நன்றாகவே விளங்கிக்கொள்வார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம். மனநல நிபுணர் இவரைத் திரும்பவும் இருத்தி, காணி யாருடையது, விற்றால் காசு யாருக்கு என்று பொறுமையாகக் கேட்டார். இவர் நெல் விலையைப் பற்றிச் சொன்னார். அதையும் சேர்த்தே அறிக்கையில் எழுதினார், அந்த அறிக்கை நின்றது.

விசாரணை நாளில் மாவட்ட நீதிபதி என்னிடம் கேட்டவை காசைப் பற்றியவைதான். விற்காமல் குத்தகைக்குக் கொடுக்க முடியாதா? இரண்டு பரப்பு வெறுங்காணிக்குக் கிடைக்கும் குத்தகை ஒரு வாரத்து ஆள் கூலிக்கும் காணாது என்றேன். ஈடு வைத்தால்? இந்த வயதில் வட்டி கட்ட எனக்கு வருமானம் இல்லை என்றேன். இருக்கும் வீடு என்னவாகும்? அது இந்த மனுவில் இல்லை, அவர் கடைசிவரை அங்கேதான் இருப்பார் என்றேன். மேலே நான் சொன்ன மாதக் கணக்கை, கூலிப் பற்றுச்சீட்டுகளோடும் பாமசித் துண்டுகளோடும் மகள் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தாள். அது கைக்குக் கை போய் எல்லோராலும் வாசிக்கப்பட்டது. துண்டு வைக்காமல் வாயால் சொல்லியிருந்தால் அவ்வளவு எளிதாக முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அனுமதி கிடைத்தது, நிபந்தனையோடு. விற்ற காசு என் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும், பராமரிப்புக்கு எடுக்க வேண்டும். கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை உறுதியோடு சேர்த்து நொத்தாரிசு முடித்தார். சட்டத்தரணி கட்டணம், அளவை, மற்றச் செலவு எல்லாம் சேர்ந்து ஒரு மாதப் பராமரிப்புக்கு மேல் போனது. விற்கும் காணி சிறியதென்றால் இதையும் விலையில் கழித்துப் பாருங்கள்.

இந்த வழி மனைவியின் சொத்துக்கு மட்டும்தான். கணவரின் பெயரில் உள்ள முதுசக் காணியையோ அவர் பெயரில் மட்டும் உள்ள வைப்பையோ 8ஆம் பிரிவு தொடாது. அதற்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று நீதிமன்றம் தீர்மானித்து, சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்க வேண்டும். அது இன்னும் பாரமான வேலை. எங்களுக்கு அது தேவைப்படாமல் போனதற்குக் காரணம், நோய் தெரிந்த முதல் மாதங்களிலேயே மகள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்த 20 இலட்சத்தைக் கூட்டுக் கணக்காக மாற்றியது. இருவரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்று எழுதப்பட்டது. வங்கி உத்தியோகத்தர் அவரிடம், "சேர், இனி மிஸிஸும் எடுக்கலாம், சம்மதமா?" என்று கேட்டார். "அவதானே வீட்டுக் கணக்குப் பார்க்கிறவ" என்று தெளிவாகச் சொல்லிக் கையெழுத்து வைத்தார். அந்தக் காலம் குறுகியது. அதற்குள் வைப்புகளை மாற்றுங்கள், விற்க நினைக்கும் காணி இருந்தால் அவர் கையாலேயே சம்மதம் வாங்குங்கள்.

ஓய்வூதியத்துக்கு வருஷாவருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எங்கள் கிராம அலுவலர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுதினார். கணவருக்கு ஒன்று நடந்தால் இந்த ஓய்வூதியம் நின்று, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் எனக்குத் தொடங்க இடைவெளி வரும். அதற்காக ஆறு மாதச் செலவைத் தனியே வைத்திருக்கிறேன். விவாகப் பதிவிலும் அடையாள அட்டையிலும் என் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன்.

கடைசியாகச் செய்தது என் மரணசாசனம். நான் முந்திப் போனால் இவரை யார் பார்ப்பது என்பதற்கு இதுவரை சொன்ன எதுவும் பதில் இல்லை. மரணசாசனம் எழுத மனைவிக்குக் கணவரின் சம்மதம் வேண்டியதில்லை, அதனால் நீதிமன்றம் போக வேண்டியிருக்கவில்லை. வீடு மகளுக்கு, இவருக்கு அதில் சீவிய உரித்து, வங்கியில் மிஞ்சும் காசு முதலில் இவருடைய பராமரிப்புக்கு என்று நொத்தாரிசிடம் எழுதி முடித்தேன். பிரதி மகளிடம் இருக்கிறது.