மூன்றாம் முறை மடங்கிய கணுக்கால்

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மைதானத்தில் மாலை வேளைகளில் வாலிபால் ஆடுகிறோம். வலைக்கு நடுவில் நின்று பிளாக் போடுவது என் வேலை. பதினான்கு மாதங்களுக்குள் என் இடது கணுக்கால் மூன்று முறை சுளுக்கியது. மூன்று முறையும் காரணம் ஒன்றே. பிளாக்குக்கு எம்பிவிட்டுக் கீழே இறங்கும்போது, வலைக்கு அடியில் நீண்டிருந்த எதிரணி ஆட்டக்காரரின் பாதத்தின் மேல் என் பாதி கால் பட்டு, உள்ளங்கால் உட்பக்கமாகத் திரும்பி மடங்கியது.

முதல் இரண்டு முறை ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, வீக்கம் வடிந்ததும் ஆடப் போய்விட்டேன். இரண்டாம் முறை எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுப்பவரிடமும் காலைக் கொடுத்தேன். வடிந்திருந்த வீக்கம் மறுநாளே திரும்பி வந்ததுதான் மிச்சம். மூன்றாம் முறை நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாததால் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை.

ஆறு வாரம் கழித்து, வலி முற்றிலும் நின்ற பிறகு, தருமபுரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் சென்றேன். இடுப்பில் கை வைத்து, கண்களை மூடி, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் முப்பது வினாடி நின்றேன். இடது காலில் ஏழாவது வினாடியிலேயே மற்ற காலை ஊன்ற வேண்டியதாயிற்று. வலி இல்லாத கால் குணமான கால் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். மூட்டின் வெளிப்பக்கத்து நார் கிழியும்போது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகளும் சேதமடைகின்றன என்றும், நார் ஆறினாலும் அந்தச் செய்திப் போக்கு பயிற்சி இல்லாமல் சீராவது அரிது என்றும் அவர் விளக்கினார்.

அடுத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலைச் சுவரில் தொடச் சொல்லி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளியை அளந்தார். வலது காலில் 11 செ.மீ., இடது காலில் 8. இவ்வாறு விறைத்த கணுக்கால் முழுமையாக மடங்காததால், இறங்கும்போது விரல்நுனி கீழ்நோக்கியபடியே தரையில் படும்; மூட்டு மிக எளிதாக உருளும் நிலை அதுவே. எனவே முதல் இரண்டு வாரம் இந்தச் சுவர்ப் பயிற்சியும், காலையும் மாலையும் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் முப்பது வினாடி வீதம் மூன்று முறை நிற்பதும் மட்டுமே. நிற்கும்போது கால்விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்து வெளுத்துப்போனால், கணுக்கால் வேலை செய்யவில்லை, விரல்கள் ஏமாற்றுகின்றன என்று பொருள். நான் முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

மூன்றாம் வாரம் தலையணை மேல் நிற்கச் சொன்னார். தள்ளாட்டம் கூடக்கூட நல்லது என்று நானாக இரண்டு தலையணைகளை அடுக்கினேன். முப்பது வினாடிக்குள் நான்கைந்து முறை காலை ஊன்ற நேர்ந்தால் அது பயிற்சி ஆகாது, தடுமாற்றத்தைப் பழகுவதாகும் என்று கடிந்துகொண்டார். கூடவே ரப்பர் பட்டையை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சியும் இருந்தது. பாதம் உள்ளே திரும்பாமல் பிடித்து நிறுத்துபவை, கீழ்க்காலின் வெளிப்புறத்துத் தசைகள்தாம்.

உண்மையான குறை ஐந்தாம் வாரம்தான் தெரிந்தது. கண்ணை மூடி இருபது வினாடி நின்ற அதே கால், முன்னால் ஓர் எட்டுத் தாவி இறங்கி மூன்று வினாடி அசையாமல் நில் என்றால் நடுங்கியது. கால் மடங்குவது இமைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. மடங்கத் தொடங்கிய பின் தசையைக் கூப்பிட நேரமில்லை. காற்றில் இருக்கும்போதே பாதம் தரைக்குத் தயாராகியிருக்க வேண்டும், அதை நிற்பது கற்றுத் தராது. அதனால் முன்பக்கம், பக்கவாட்டு, பிறகு இரண்டு செங்கல் உயரத்திலிருந்து என்று இறங்கிப் பழகினேன். கடைசியாக, வலையருகே எம்பும்போது நண்பர் ஒருவர் தோளை இலேசாகத் தள்ளுவார். இவையெல்லாம் கணுக்காலில் எதுவும் கட்டாமல்; ஆட்டத்தில் மட்டும் ஓர் ஆண்டுக்குக் கயிறு கட்டும் கணுக்கால் பட்டை.

இன்னொருவர் பாதத்தின் மேல் முழு எடையோடு இறங்கினால் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. பாதத்தின் ஒரு பகுதி நடுக்கோட்டின் மேல் இருக்கும்வரை, எதிர்ப்பக்கம் கால் நீட்டுவதை விதி அனுமதிக்கிறது. ஆகையால் எங்கள் பயிற்சியில் மட்டும் நடுக்கோட்டின் இருபுறமும் ஒரு அடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டி இறங்கினால் புள்ளி போகும் என்று வைத்தோம். ஸ்மாஷ் அடிப்பவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள்.

எட்டு மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் இன்னும் செய்கிறேன். பொங்கல் போட்டியில் ஒருமுறை எதிராளியின் ஷூ விளிம்பில் கால் பட்டுப் பாதி திரும்பி, தானே நேரானது. மறுநாள் சிறிது கனம் இருந்தது, வீக்கம் இல்லை. சுவர் அளவு இப்போது 10.5. கண் மூடி நிற்பது இன்னும் இருபத்தாறைத் தாண்டவில்லை.