ஸ்டேட்டஸில் மெனு, மதியம் சாப்பாடு

நாங்கள் இருப்பது சென்னை ஓ.எம்.ஆரில், நாவலூர் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கே குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் யாரும் வியாபார விளம்பரம் போடக் கூடாது. தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது என்று அவசரச் செய்திகள் வரும் இடம் அது. அந்த விதியில் எனக்கும் சம்மதம்தான். அதனால், மதியச் சாப்பாடு செய்து கொடுக்கலாம் என்று இறங்கியபோது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மட்டும் நம்பித்தான் தொடங்கினேன். வேண்டியவர்கள் திறந்து பார்க்கட்டும், வேண்டாதவர்களுக்குத் தொல்லை இல்லை.

சமைக்கத் தொடங்கும் முன்பே, உணவு விற்பதற்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்துவிட்டேன். சிறு அளவில் வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு அடிப்படைப் பதிவே போதும். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படம், அடையாளச் சான்று கொடுத்து ஆன்லைனிலேயே முடிந்தது. அவர்கள் தரும் 14 இலக்க எண்ணை என் வாட்ஸ்அப் புரொஃபைலில் போட்டிருக்கிறேன். குழந்தைகளுக்கு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஸ்டேட்டஸில் விற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாங்குகிறவர்கள் எண் நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது, நம் எண்ணையும் அவர்கள் சேமித்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் கண்ணில் படும். எத்தனை அழகான படம் போட்டாலும், எண்ணைச் சேமிக்காத வீட்டுக்கு அது போகவே போகாது. எனவே ஒவ்வொரு முதல் டப்பாவோடும் ஒரு சின்னச் சீட்டு வைத்தேன்: “இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் நாளைய மெனு ஸ்டேட்டஸில் தெரியும்.” சேமித்தார்களா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு செய்தி அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். செய்தியின் விவரத்தைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது என்று பெயரோடு இருக்கும். ஒன்றிரண்டு நாளாகியும் அந்தப் பட்டியலில் வராத பெயர், பெரும்பாலும் சேமிக்காத பெயர்.

இதற்கென்று தனி சிம் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொண்டேன். வீட்டு விசேஷப் படமும் வத்தக்குழம்பு விலையும் ஒரே இடத்தில் கலக்காது. வாடிக்கையாளர் பெயரைச் சேமிக்கும்போது கதவு எண்ணை முன்னால் போடுகிறேன்: “பி704 ரம்யா”. பதில் வந்ததுமே எந்த பிளாக், எந்த மாடி என்று தெரிந்துவிடும். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் வீடு வீடாகத் தெரியும்.

நேரம்தான் இதில் உயிர். மறுநாள் மெனுவை மாலை ஆறரைக்குப் போடுகிறேன். ஐ.டி. கம்பெனி கேப்பில் திரும்பி வருகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வரும் நேரம் அது. ஆர்டர் முடிவது இரவு ஒன்பதரை. அதற்குப் பிறகுதான் பருப்பு எவ்வளவு, தேங்காய் எத்தனை என்று கணக்குப் போட்டு, காலை ஆறு மணிக்குக் காய்கறி வாங்க இறங்குவேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும் என்பது இங்கே வினையாகும். மதியம் சாப்பாடு கொடுத்து முடித்த பிறகும் நேற்றைய மெனு தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று மணிக்கு ஒருவர் பார்த்துவிட்டு, “அக்கா, இன்னும் இருக்கா?” என்பார். இல்லை என்று நாலு பேரிடம் சொன்னால் ஐந்தாவது ஆள் கேட்கவே மாட்டார். அதனால் ஒன்பதரை அடித்ததும் மெனுவை அழித்துவிடுவேன். அது தானாக மறையும்வரை விட்டுவைப்பதில்லை.

ஒரு நாளைக்கு மூன்று ஸ்டேட்டஸுக்கு மேல் போடுவதில்லை. அதிகமானால் மியூட் செய்துவிடுவார்கள். செய்தது நமக்குத் தெரியாது, பட்டியலில் அந்தப் பெயர் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். முதல் படத்திலேயே மெனு, விலை, கடைசி நேரம் மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விலையைத் தள்ளிவைத்தால், அதற்குள் அவர்கள் வேறு யாருடைய ஸ்டேட்டஸுக்கோ போயிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சொதியைச் சொல்கிறேன். எனக்குத் திருநெல்வேலி, தேங்காய்ப்பாலில் வைக்கும் இந்தச் சொதிதான் என் கைக்கு நன்றாக வரும். சனிக்கிழமை மாலை போட்டது இது: “நாளை மதியம்: சாதம், சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். 140 ரூபாய். ஆர்டர் இரவு 9.30 வரை. 20 பேருக்கு மட்டும்.” கூடவே, முன்பு ஒருமுறை எடுத்த சின்ன வீடியோ: கரண்டியில் முருங்கைக்காயும் கேரட்டும் தெரிய, மஞ்சள் வெளுத்த குழம்பு சாதத்தில் விழுவது. அடுப்பங்கரை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. டியூப் லைட்டில் எடுத்தால் சொதி மோர்க்குழம்பு மாதிரித் தெரியும்.

எட்டு மணிக்குள் ஐம்பதுக்கு மேல் வீடுகள் பார்த்துவிட்டன, ஆர்டர் பதினொன்று. பார்த்ததைக் காட்டிக்கொடுக்கும் ‘ரீட் ரெசீப்ட்’ வசதியை அணைத்து வைத்திருப்பவர்கள் பார்த்தாலும் பட்டியலில் வர மாட்டார்கள். ஆகவே அந்த எண்ணிக்கையைக் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டரைக்கு இரண்டாவது ஸ்டேட்டஸ்: “இன்னும் 7 மட்டும்.” பி704இலிருந்து பதில்: “அக்கா, எங்களுக்கு ரெண்டு. ஒண்ணுல இஞ்சிப் பச்சடி வேண்டாம், பாப்பாக்கு.” ஸ்டேட்டஸுக்குக் கொடுக்கும் பதில் அந்தப் படத்தோடு சேர்ந்து தனிச் செய்தியாக வருவதால், எந்த நாள் மெனுவுக்குச் சொல்கிறார்கள் என்ற குழப்பம் இல்லை. உடனே நோட்டில் எழுதுவேன்: கதவு எண், எத்தனை, மாற்றம், பணம். ஜிபே பண்ணிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் வந்தாலும், என் வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே டிக் அடிப்பேன். ஒன்பதேகாலுக்கு இருபதும் நிரம்பிவிட்டது. மெனுவை அழித்துவிட்டேன்.

இருபது பேருக்கு அரிசி இரண்டே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தேங்காய் ஆறு, பாசிப்பருப்பு 400 கிராம். காய், எண்ணெய், கேஸ், பேக்கிங் எல்லாம் சேர்த்து 1,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. அதாவது ஒரு சாப்பாட்டுக்கு 65 ரூபாய் போல. இதில் பேக்கிங் மட்டும் 14 ரூபாய். அதைக் குறைக்கத்தான், சொந்த எவர்சில்வர் டப்பா கொடுத்தால் 10 ரூபாய் குறைவு என்று வைத்திருக்கிறேன். முந்தின இரவே கதவுக் கைப்பிடியில் பையோடு தொங்கவிட்டுவிடுவார்கள். என் மகன் போய் எடுத்து வருவான்.

சொதியில் இன்னொரு விஷயம். தேங்காயின் முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிந்து வைத்த சொதி வெயில் நாளில் அதிக நேரம் தாங்காது. இதனால் பன்னிரண்டு மணிக்கு அடுப்பை அணைத்து, பன்னிரண்டே காலுக்கு ஏ பிளாக்கில் தொடங்கி, ஒரு மணிக்குள் எல்லா வீட்டிலும் கொடுத்துவிடுகிறேன். அந்த நேரத்தில்தான் மூன்றாவது ஸ்டேட்டஸ்: “சாப்பாடு கிளம்பிவிட்டது. சொதியைக் கொதிக்க வைக்காமல் லேசாகச் சூடு பண்ணினால் போதும். இரவுக்கு எடுத்துவைக்க வேண்டாம்.”

பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் கேட்கிறார்கள். அங்கே போனால் கேட்டில் பதிவு, லிஃப்ட்டுக்குக் காத்திருப்பு என்று அரை மணி நேரம் கூடுதலாகும். சொதி, ரசம் நாட்களில் மறுத்துவிடுகிறேன். புளியோதரை, தக்காளித் தொக்கு நாட்களில் மட்டும் அவர்களுக்கும் ஸ்டேட்டஸ் தெரியும்படி வைக்கிறேன். ஸ்டேட்டஸ் போடும்போது யாருக்குத் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால், மற்ற நாட்களில் அந்த எண்களை விலக்கிவிட்டுப் போடுகிறேன்.