வேலை அனுபவமே இல்லாதபோது பரிந்துரைக் கடிதம் கேட்ட கதை

மொரீசியஸின் எபேன் நகரில் ஒரு நிறுவனத்தில் தரவுப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தேன். பழைய முதலாளி அல்லது பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றார்கள். மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்திருந்த எனக்கு முதலாளி என்று யாருமே இருந்ததில்லை.

"துறைத் தலைவரிடமே கேளேன், பெரிய கையெழுத்து" என்றார் அப்பா. தலைவர் எனக்குப் பாடம் எடுத்தவர்தான், ஆனால் நிரம்பி வழியும் அரங்கில். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து 'ஒழுங்காக வகுப்புக்கு வந்தார், நல்ல நடத்தை' என்றுதான் அவரால் எழுத முடியும். அப்படி ஒரு கடிதம் வந்தால், இவரைத் தெரியாதவர் எழுதியது என்று படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். அதனால் என் ஆய்வேட்டை வழிநடத்திய மேடத்திடம் போனேன். பதவியில் இளையவர், ஆனால் ஓர் ஆண்டு முழுக்க என் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

மின்னஞ்சலில் இப்படிக் கேட்டேன்: "மேடம், இந்த வேலைக்கு என்னைப் பற்றி உறுதியாகப் பரிந்துரைக்க உங்களால் முடியுமா? இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன்." மறுக்க வழி விட்டுக் கேட்பதுதான் நல்லது. அரைமனதாக எழுதிய கடிதம் கடிதமே இல்லாததைவிட மோசம். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேட்டுவிட்டேன். ஜனவரி மாதம் வேறு: தைப்பூசக் காவடி விடுமுறை ஒரு பக்கம், புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாமே மூடிவிடும்.

சரி என்று பதில் வந்ததும் வேலை அறிவிப்பு, மதிப்பெண் பட்டியல், சுயவிவரம், அப்புறம் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும் அனுப்பினேன். அந்தக் குறிப்புதான் முக்கியம். 'கடின உழைப்பாளி' போன்ற சொல் எதையும் அதில் எழுதவில்லை, அவரே பார்த்ததை நினைவுபடுத்தினேன். பேருந்துப் பயணிகளிடம் எடுத்த கணக்கெடுப்பில் ரோஸ்ஹில் நிலையப் படிவங்கள் பலவற்றில் ஒரே கையெழுத்து இருந்தது. கொண்டுவந்து தந்த நண்பனிடம் விசாரித்தேன், பயணிகளைக் கேட்காமல் அவனே நிரப்பியிருந்தான். அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டு, நீக்கிய காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதினேன். வேலை அறிவிப்பில் 'தரவின் தரத்தைச் சரிபார்த்தல்' என்று ஒரு வரி இருந்ததால்தான் இந்தச் சம்பவத்தைத் தேர்ந்தெடுத்தேன். சம்பளத்துக்கு வேலை பார்க்காதவனின் வேலைக் குணத்துக்கு இதைவிட வேறு என்ன சாட்சி காட்ட முடியும்?

சில பேராசிரியர்கள் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அப்போதும் முழுக் கடிதத்துக்குப் பதில் இந்த மாதிரிக் குறிப்பைக் கொடுத்துப் பாருங்கள். நம் நடையிலேயே கடிதமும் விண்ணப்பமும் இருந்தால் மாட்டிக்கொள்வோம்.

மேடம் பல்கலைக்கழகக் கடிதத்தாளில் எழுதி, தன் அலுவலக மின்னஞ்சலிலிருந்து நேராக நிறுவனத்துக்கே அனுப்பினார். நான் படிக்கவே இல்லை. நேர்காணலில் "அந்த ரோஸ்ஹில் படிவங்கள் என்ன ஆச்சு?" என்று கேட்டபோதுதான் உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்தது. அதைப் பற்றியே வெகுநேரம் பேசினோம்.

வேலை கிடைத்ததும் மேடத்துக்கு எழுதினேன். முதுகலைக்கு விண்ணப்பித்தால் அதே கடிதம் உதவாது, அதற்கு வேறு மாதிரி எழுத வேண்டும், முன்கூட்டியே சொல் என்று பதில் போட்டார்.