13 ஃபிரேம்

டிசம்பர் 2

தும்மினேன். அதற்கே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது.

டிசம்பர் 3

தம்பி போனில் எடுத்த கபடி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எதிரணியின் லெஃப்ட் கார்னரில் நிற்பவனை நோக்கிப் போகிறேன், வலது காலை நீட்டுகிறேன், விரல் நுனி அவன் பாதத்தில் படுகிறது. பட்டது எனக்குத் தெரியும். நடுவர் பார்த்தாரா என்று ஒரு கணம் தலையைத் திருப்புகிறேன். அந்தக் கணத்தில் கணுக்கால் அவன் கையில்.

அம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். கவட்டையில் யார் ஒத்தடம் கொடுப்பது?

டிசம்பர் 5

பிசியோ அக்கா என்னைப் படுக்கவைத்து முழங்கால்களை மடக்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் தன் முட்டியை வைத்து, "நசுக்கு" என்றார். பாதி பலத்திலேயே வலித்தது. பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். ஆறு என்றேன். ஏழுதான், ஆனால் ஆறு என்றேன்.

உள்தொடைத் தசைதானாம். அடக்டர் என்கிறார்கள். அதில் முன்னால் கயிறு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும் நீளமான ஒன்று, எலும்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்திருக்கிறது. முழுசாக அறுந்துபோகவில்லை.

"கால்ல அடிபட்டா தும்மினா ஏன்கா வலிக்குது?" என்று கேட்டேன். அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் முன்னெலும்பைக் காட்டினார். மேலிருந்து வயிற்றுத் தசை அங்கே வந்து சேர்கிறதாம். கீழிருந்து இந்த அடக்டரும் அதே இடத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தும்மும்போது மேலே இருப்பவன் வெட்டி இழுக்கிறான், கீழே புண்பட்டவன் அலறுகிறான். இத்தனை வருடம் ஆடியும் வயிறு வேறு, கால் வேறு என்றுதான் நினைத்திருக்கிறேன்.

டிசம்பர் 8

மழை. ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை.

டிசம்பர் 11

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். போனில் ஒரு விநாடிக்கு 30 ஃபிரேம். போன மாதம் மஞ்சக்குப்பத்தில் இதே மாதிரி ஒரு டோ டச் போட்டுத் தப்பித்த வீடியோவும் இருக்கிறது. அதில் வலது கால் முழுசாக நீண்டதிலிருந்து திரும்ப எழும்புவது வரை 8 ஃபிரேம். அடிபட்ட அன்றைக்கு எண்ணினால் 13. வித்தியாசம் ஐந்தே ஃபிரேம், விநாடியில் ஆறில் ஒரு பங்கு. நடுவரைப் பார்த்தது அதற்குள்தான்.

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஃபிரேமைக் கண்டுகொள்ளவே இல்லை. "இடுப்பு எங்கடா இருக்கு, அதப் பாரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். கோபமாக இருந்தது. படுத்துக் கிடப்பவனிடம் என்ன இடுப்பு, கிடுப்பு.

டிசம்பர் 12

மாஸ்டர் சொன்னது சரி.

மஞ்சக்குப்பம் வீடியோவில் இடது முழங்கால் நன்றாக மடங்கியிருக்கிறது, இடது கை தரையில் இருக்கிறது, இடுப்பு இடது குதிகாலுக்கு மேலேயே நிற்கிறது. வலது கால் சும்மா ஒரு குச்சி மாதிரி நீண்டு கிடக்கிறது, அதில் எடையே இல்லை. அன்றைக்கோ, கார்னர் அரை அடி பின்வாங்கியதால் எட்டவில்லை என்று இடுப்பையே அவன் பக்கம் தள்ளியிருக்கிறேன். தோளும் கூடவே போயிருக்கிறது. வலது பாதம் ஆடுகள மேட் மேல் அழுந்திவிட்டது.

டிசம்பர் 14

இன்று அக்காவிடம் இரண்டு வீடியோவையும் காட்டினேன். வரிசையில் இருந்த பாட்டி காத்திருக்க, அக்கா தரையில் உட்கார்ந்தே செய்து காட்டினார்.

காலை அகட்டி நீட்டும்போது உள்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. திரும்பும்போது அதே தசை சட்டென்று சுருங்கி இழுக்க வேண்டும். நீளுவதிலிருந்து சுருங்குவதற்கு மாறும் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறதாம். இழுப்பு என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. எந்தப் பக்கம் லேசாக இருக்கிறதோ அது நகரும். எடை இடது காலில் இருந்தால் வலது கால் பறந்து வந்து சேரும். எடை வலது பாதத்துக்குப் போய்விட்டால் பாதம் மேட் மேல் ஒட்டிக்கொள்ளும், தசை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு ஒருவன் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தால்?

அப்படியென்றால் திரும்பி வருவது நீட்டிய காலின் வேலையே இல்லை. மடங்கிய இடது காலின் வேலை. முன்தொடையும் பிட்டத்துப் பெரிய தசையும் சேர்ந்து உடம்பை எழுப்பி நடுக்கோட்டுப் பக்கம் தள்ளுகின்றன. பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தசை, இடது முழங்கால் உள்ளே மடிந்து விழாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்கும் முன்னால் உடம்பு திரும்ப ஆரம்பித்திருக்க வேண்டும். விலாவிலிருந்து இடுப்புக்குச் சரிவாக ஓடும் தசை தோளைத் திருப்புகிறது, இடுப்பு அதைத் தொடர்கிறது, கால் கடைசியாக வருகிறது. நான் தலையை நடுவர் பக்கம் திருப்பியதால் தோளும் அங்கேயே நின்றுவிட்டது.

ஆக ஐந்து ஃபிரேமும் இடுப்பும் ஒரே தப்புதான். மாஸ்டரிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 17

மார்கழி. நாலரைக்கே ஸ்பீக்கர். தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்து அடக்கிவிட்டேன்.

டிசம்பர் 21

நசுக்குவதில் வலி மூன்று. நேராக ஓடலாம், திரும்பக் கூடாது. சில்வர் பீச் வரை ஓடிவிட்டு, திரும்பும் இடத்தில் நின்று, நடந்து, வண்டியை ரிவர்ஸ் எடுப்பது போலத் திரும்பி வந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

டிசம்பர் 26

புதுப் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலின் முழங்காலை பெஞ்சில் வைத்து, கீழ்க்காலையும் இடுப்பையும் தூக்க வேண்டும். ஆறு தடவையில் கை நடுங்குகிறது. முழங்காலுக்குப் பதில் கணுக்காலை பெஞ்சில் வைத்தால் பல மடங்கு கஷ்டமாம். அதற்கு இன்னும் நாளிருக்கிறது.

என் இடத்தில் ஆடும் பையன் நேற்று ஆறு பாயின்ட் எடுத்தானாம். நல்ல பையன். இடுப்பை எங்கே வைக்கிறான் என்று யாராவது பார்த்தார்களா?

டிசம்பர் 31

ஒன்றுமில்லை.

ஜனவரி 4

கணுக்கால் பெஞ்சில். எட்டு.

மாடியில் சாக்பீஸால் கோடு போட்டேன். நடுக்கோட்டிலிருந்து பாக் லைனுக்கு 3.75 மீட்டர், அதைத் தாண்டி ஒரு மீட்டரில் போனஸ் கோடு. மாடி அதோடு முடிந்துவிட்டது, கார்னர் தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்க வேண்டும். தரையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கால் விரலால் தொட்டுத் திரும்பினேன். நாணயம் நகர்ந்தால் எடை போய்விட்டது என்று அர்த்தம். முதல் பத்தில் ஏழு தடவை நகர்ந்தது. கடைசிப் பத்தில் இரண்டு.

ஜனவரி 9

தும்மினேன். வலிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தும்முனதுக்காடா கூப்புட்ட?" என்றார்.

ஜனவரி 12

நசுக்கும்போது வலி ஒன்று. உண்மையிலேயே ஒன்று.

அக்கா சொன்னது: களைத்த பிறகுதான் இடுப்பு முன்னால் போகும், அதனால் முதல் பாதியில் மட்டும் ஆடு. மாஸ்டர் சொன்னது: மாற்று ஆட்டக்காரன், அதற்கு மேல் கேட்காதே.

ஜனவரி 14

மேட் வரவில்லையாம். ஆற்றுத் திருவிழா ஆட்டம் மணலில்தானாம்.

மணலில் இடது கால் தள்ளும்போது முதலில் மணல்தான் நகரும், அப்புறம்தான் உடம்பு. 8 ஃபிரேம் அங்கே எட்டாக இருக்காது. நீட்டிய குதிகால் வேறு புதையும். நாணயம் வைத்தும் பார்க்க முடியாது. தம்பியையும் போனையும் கூட்டிக்கொண்டு இப்போதே தேவனாம்பட்டினம் போகிறேன், இருட்டுவதற்குள்