மூக்கடைப்பு ஸ்ப்ரேயை ஒவ்வொரு பக்கமாக நிறுத்துவது எப்படி

மருந்துக்கடை கவுண்டரில் எங்களிடம் அடிக்கடி வரும் பேச்சு இது: "மூணு வாரமா அடிக்கிறேன், அடிக்காம தூங்க முடியல, சளி மட்டும் போகவே மாட்டேங்குது." புட்டியை வாங்கிப் பார்த்தால் சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம் என்றிருக்கும், அல்லது ஆக்சிமெட்டாசோலின் 0.05 சதவீதம். பக்கத்திலேயே இருக்கும் உப்புநீர் ஸ்ப்ரே பார்வைக்கு அதே மாதிரிதான். ஆகவே பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். உப்புநீரில் சோடியம் குளோரைடு மட்டும்தான் எழுதியிருக்கும், சிலவற்றில் அதோடு ஒரு பதப்படுத்தியும் இருக்கும்.

மூக்கின் பக்கச் சுவர்களில் ரத்தக்குழாய்கள் நிறைந்த சதைமடிப்புகள் உண்டு. சளி பிடித்தால் அவை ரத்தம் நிரம்பி வீங்கும். அடைப்பின் பெரும்பகுதி இந்த வீக்கம்தான், அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறப்பதில்லை. சைலோமெட்டாசோலின் அந்தக் குழாய்களைச் சுருக்கும். சில நிமிடங்களில் மூச்சு வரும், பல மணி நேரம் நிற்கும். நாள்தோறும் அடித்தால் குழாய்கள் மருந்துக்குப் பழகிவிடும். முன்பு பத்து மணி நேரம் நின்ற பலன் மூன்று மணி நேரமாகச் சுருங்கும். மருந்து இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும். அடைத்ததால் மறுபடி அடிக்கிறோம், அடித்ததால் மறுபடி அடைக்கிறது. லேபிளில் மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று நாட்டுக்கு நாடு மாறி எழுதியிருப்பது இந்தச் சுழலில் சிக்காமல் இருக்கத்தான். நாங்கள் மூன்று நாள் என்றே சொல்வோம். சளியின் மோசமான இரவுகளைத் தாண்ட அது பெரும்பாலும் போதும்.

உப்புநீர் ரத்தக்குழாயைத் தொடுவதே இல்லை. காய்ந்த சளியை இளக்கி வெளியேற்றும், அவ்வளவுதான். பழகிப்போக அதில் எதுவும் இல்லாததால் நாள் வரம்பும் இல்லை. ஆனால் வீக்கத்தை அது உடனே இறக்காது. மருந்து ஸ்ப்ரேக்குப் பழகியவர் உப்புநீரை அடித்துவிட்டு "ஒண்ணும் ஆகல" என்பது இதனால்தான்.

சிக்கிவிட்டோமா என்று கண்டுபிடிப்பது எளிது. தும்மலும் நீரொழுகலும் நின்று பல நாள் ஆகியும் அடைப்பு மட்டும் இருக்கும். அதிகாலை இரண்டு மணிக்கு அடைப்பால் விழித்துத் தலையணைக்கடியில் புட்டியைத் தேடினால் சந்தேகமே வேண்டாம்.

நான்கு வாரமாக, ஒரு நாளைக்கு ஐந்து தடவை அடிப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிறுத்தினால் அன்றிரவே தோற்றுப்போவார். அதனால் வலது பக்கத்தை மட்டும் முதலில் நிறுத்தச் சொல்வோம். இடது பக்கம் லேபிளில் உள்ள அளவைத் தாண்டாமல், முக்கியமாக இரவில் மட்டும். வலது பக்கத்தில் தேவைப்படும்போதெல்லாம் உப்புநீர். கூடவே, மருத்துவர் சம்மதித்தால், புளூட்டிகாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை இரண்டு பக்கமும் தினமும் ஒரு வேளை. இது அன்றே பலன் தராது, முழுப் பலனுக்குச் சில நாள் ஆகும். உடனே பலன் வரும் என்று நம்பி இரண்டாம் நாளே கைவிடுபவர்கள் அதிகம். உப்புநீரை முதலில் அடித்து, பத்து நிமிடம் விட்டு ஸ்டீராய்டை அடிக்க வேண்டும். சளியின் மேல் அடித்த மருந்து சளியோடே போய்விடும்.

முதல் சில இரவுகள் வலது பக்கம் முழுவதும் அடைத்திருக்கும். அது மருந்து இறங்குவதால் வரும் வீக்கம், புதிய சளி இல்லை. தலையணையை உயர்த்திப் படுத்தால் ஓரளவு குறையும். பலருக்கு ஓரிரு வாரத்தில் அந்தப் பக்கம் தானாகத் திறக்கும். மாதக்கணக்கில் அடித்தவர்களுக்கு இன்னும் நாளாகும். வலது பக்கத்தில் சுவாசிக்க முடிந்த பிறகே இடது பக்கத்தை நிறுத்துங்கள்.

எந்த ஸ்ப்ரேயானாலும் தலையைப் பின்னால் சாய்க்காமல் லேசாகக் குனிந்து, முனையை அதே பக்கத்துக் காதை நோக்கித் திருப்பி அடியுங்கள். நடுத்தடுப்பில் நேராக அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும். மருந்தின் கசப்பு தொண்டையில் தெரிந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள் என்று பொருள்.

ரத்த அழுத்தம், இதயநோய், தைராய்டு, கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் மருந்து ஸ்ப்ரேயை ஒரு நாளைக்குக்கூடக் கேட்காமல் தொடக்கூடாது. குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். சிறிதளவு விழுங்கினாலே குழந்தை மயங்கி, இதயத்துடிப்பு குறையலாம்.

எல்லாம் செய்தும் ஒரே பக்கம் மட்டும் மாதக்கணக்கில் திறக்காவிட்டால், அல்லது அந்தப் பக்கத்தில் ரத்தம் வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்க்க வேண்டும். நடுத்தடுப்பு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். அவரிடம் போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை வாரம் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.