லைவ் லொக்கேஷன் நின்றுபோன ஒன்றேகால் மணி நேரம்

மேட்ரிமோனி தளத்தில் அறிமுகமானவரை வீட்டில் சொல்வதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று போன சனிக்கிழமை போய் வந்தேன். சந்தித்தவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சொதப்பியதெல்லாம் நான் போட்டிருந்த ஏற்பாடு. தோழியிடம் சொல்லியாச்சு, லொக்கேஷன் அனுப்பியாச்சு, போக வர நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்றையும் செய்திருந்தும் மூன்றிலும் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடியோ காலில் பத்து நிமிடம் பேசி முகத்தையும் போட்டோவையும் ஒப்பிட்டுக்கொள்வது, மாலில் ஆள் நடமாட்டமுள்ள காபி ஷாப்பைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் தவறு லைவ் லொக்கேஷனில். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகள்தான் உண்டு. நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, 4.45-க்கு, 1 மணி நேரத்தைத் தொட்டு அனுப்பினேன். சந்திப்பு 5.30-க்கு. அதாவது உட்கார்ந்து கால் மணி நேரத்தில், 5.45-க்கு, பகிர்வு தானாக நின்றுவிட்டது. பயணத்தைக் கணக்கில் சேர்க்காததால் வந்த வினை. எப்போதும் 8 மணி நேரத்தையே தேர்ந்தெடுங்கள், வீடு திரும்பியதும் கையால் நிறுத்திக்கொள்ளலாம். போனில் பேட்டரி சேவர் ஓடினாலோ, லொக்கேஷன் அனுமதி 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று இருந்தாலோ, நேரம் மிச்சமிருந்தாலும் புள்ளி ஓரிடத்திலேயே நின்றுவிடலாம். அதனால் பார்க்கிறவர் புள்ளியை மட்டும் பார்க்காமல், அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தையும் பார்க்க வேண்டும். முந்தின நாளே தெருமுனைவரை நடந்து, புள்ளி நகர்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டால் தெரிந்துவிடும்.

லொக்கேஷன் நின்றதும் தோழி கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறை. என் போன் சைலன்டில், பைக்குள். அதற்குமேல் அவள் என்ன செய்வது என்று நாங்கள் பேசியே வைக்கவில்லை. என் வீட்டுக்குச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும், சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? காபி ஷாப்பின் பெயர் அவளுக்குத் தெரியும், நம்பர் தெரியாது. ஏழு மணிக்கு நான் போனை எடுத்துப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "எத்தனை மணிக்கு யாருக்குச் சொல்லணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லடி" என்றாள். நியாயமான கேள்வி. வீட்டுக்குத் தெரியாமல் போகும்போது தோழி ஒருத்திதான் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறாள். முடிவையும் அவள் தலையில் கட்டக்கூடாது.

அடுத்த முறைக்கு நாங்கள் எழுதி வைத்திருப்பது இப்படி:

"5.30 முதல் 7.30 வரை. மால் இரண்டாம் மாடி, காபி ஷாப் பெயர், கடை நம்பர். அவர் பெயர், போன் நம்பர், புரொஃபைல் ஸ்கிரீன்ஷாட் கீழே. 6.15-க்கும் 7.30-க்கும் நீ போன் பண்ணு. எடுக்கலைன்னா 10 நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை. அப்பவும் எடுக்கலைன்னா கடைக்குப் போன் பண்ணி என்னைக் கூப்பிடச் சொல்லு. நான் அங்கே இல்லைன்னா 112-க்குச் சொல்லிட்டு எங்க அக்காவைக் கூப்பிடு. என்கிட்ட கேட்கத் தேவையில்லை."

அந்தக் கடைசி வரி முக்கியம். அது இருந்தால்தான் தோழி தயங்கமாட்டாள். ஸ்கிரீன்ஷாட்டையும் விட்டுவிடாதீர்கள். எதிராளி நம்மை பிளாக் செய்துவிட்டால் பல ஆப்களில் புரொஃபைலும் உரையாடலும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும், பிறகு போலீஸிடம் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

சரிபார்ப்பு மெசேஜில் வேண்டாம், குரலில்தான் வேண்டும். 'ஓகே' என்று யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். எங்கள் ஏற்பாட்டில் தோழி "மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள். "போட்டாச்சு" என்றால் எல்லாம் சரி. "இன்னும் இல்லை" என்றால் அவள் உடனே ஏதாவது அவசரம் சொல்லி என்னைக் கிளப்ப வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தாலும் வித்தியாசமாகத் தெரியாது. சந்திப்பு முடியும்வரை போன் மேசைமேல், வைப்ரேஷனில்.

அடுத்தது போக்குவரத்து. மதியம் 3.30-க்கே அவரிடமிருந்து மெசேஜ்: "நான் அந்தப் பக்கமாத்தான் வர்றேன், பிக்கப் பண்ணிக்கட்டுமா?" நல்லெண்ணத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் ஒத்துக்கொண்டால் வீட்டு முகவரியும் தெரிந்துவிடும், திரும்பி வருவதும் அவர் கையில் போய்விடும். "வழியில எனக்கு ஒரு வேலை இருக்கு, மெட்ரோலயே வந்துடறேன்" என்றேன். 4.50-க்கு இன்னொன்று: "மால் ரொம்பக் கூட்டமா இருக்கும், ஈசிஆர்ல ஒரு கஃபே இருக்கு, அங்க போகலாமா?" இதற்குத் தலையாட்டியிருந்தால் ஏற்பாடு முழுக்கக் கலைந்திருக்கும். தோழிக்குத் தெரிந்த இடம் ஒன்று, நான் இருக்கும் இடம் வேறொன்று. ஈசிஆரில் மெட்ரோவும் கிடையாது. "இன்னிக்கு இங்கேயே பாப்போம், அது இன்னொரு நாள்" என்று அனுப்பினேன், ஒத்துக்கொண்டார். மறுத்த பிறகும் வற்புறுத்தியிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பியிருப்பேன்.

போவதற்கு இவ்வளவு யோசித்த நான் திரும்புவதைக் கோட்டைவிட்டேன். எட்டு மணிக்கு வெளியே வந்தால் தூறல். மெட்ரோவுக்கு நடக்க முடியாது என்று கேப் புக் செய்தேன். டிரைவர் போன் செய்து "கேஷா, ஆன்லைனா?" என்றார், ஆன்லைன் என்றதும் கேன்சல். இரண்டாவது வண்டியும் அப்படியே. பர்ஸில் நாற்பது ரூபாய்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவர், "நான் டிராப் பண்றேனே, மழையில எதுக்கு நிக்கறீங்க" என்கிறார். சாயங்காலம் முழுக்கச் சொன்ன 'வேண்டாம்' அந்த எட்டு நிமிடத்தில் உதிர்ந்துவிடப் பார்த்தது. மூன்றாவது வண்டி வந்ததால் தப்பித்தேன்.

அதனால் 500 ரூபாயைச் சில்லறை நோட்டுகளாக பர்ஸில் இல்லாமல் தனியாக வையுங்கள். கேபைக் கடைக்குள் உட்கார்ந்தபடியே புக் செய்யுங்கள், வண்டி வாசலுக்கு வந்த பிறகு எழுந்தால் போதும். விடைபெறுவதையும் மேசையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நம் பெயரை நாம் சொல்லாமல், "யார் பேருக்கு புக்கிங்?" என்று டிரைவரையே சொல்லவையுங்கள். டிராப் இடத்தை எதிரில் இருப்பவர் காதுபட வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

சொந்த ஸ்கூட்டி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றும். அதில் வேறு சிக்கல் உண்டு. மால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பல இடங்களில் சிக்னல் வராது. வண்டிவரை கூடவே நடந்து வருகிறவருக்கு வண்டி நம்பரும் தெரிந்துவிடும். தரைமட்டத்தில், செக்யூரிட்டி கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.

தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப்பை அன்று போகிற வழியில் போட முயன்றேன். அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது, பதிவை முடிக்கவில்லை. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து முடித்து, சிவப்பு அவசரப் பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் "வந்துட்டேன்" என்று தோழிக்குச் சொல்ல வேண்டும். நான் கேபில் ஏறியதுமே சொல்லிவிட்டேன், அவளும் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் மழையில் நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது.