ஒரு அமுக்குக்கு எத்தனை மில்லி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டப் பாடம் வரும்போது பல பள்ளிகளில் இரண்டு செயல்பாடுகள் நடக்கும். ஒரு நாள் பாட்டிலும் ஸ்ட்ராவும் வைத்து இதய மாதிரி செய்வார்கள். இன்னொரு நாள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார்கள். இரண்டும் தனித்தனியாக நடந்து தனித்தனியாகவே முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு 72 என்ற எண் மனப்பாடம் ஆகும், 'இதயம் ஒரு பம்பு' என்ற வரியும் மனப்பாடம் ஆகும். ஆனால் இரத்தம் எதற்காகத் திரும்பி இதயத்துக்கே வர வேண்டும், அப்படியே உடம்பில் செலவாகிவிட்டால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். நான் இரண்டையும் ஒன்றாக்கி, நடுவில் ஒரு பெருக்கல் கணக்கை வைத்து நடத்துகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பம்புக்கு பாட்டில் மாதிரியை நான் எடுப்பதில்லை. அதில் விரலால் ஸ்ட்ராவைப் பிடித்துப் பிடித்து விடுவதுதான் வால்வு. பிள்ளையின் கவனம் முழுக்க விரலிலேயே போய்விடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மண்ணெண்ணெய் கைப்பம்பு போதும். மேலே சிவப்புக் குமிழ், ஒரு நேர்க்குழாய், ஒரு வளையும் குழாய். குமிழை அமுக்கினால் வளையும் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியேறும், விட்டால் நேர்க்குழாய் வழியாக உள்ளே ஏறும். வந்த வழியே திரும்பாமல் தடுக்க உள்ளே இரண்டு வால்வுகள் உண்டு. புதுப் பம்பையே வாங்குங்கள், மண்ணெண்ணெய் வாடை பட்டது வேண்டாம்.

இந்தப் பம்பில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெளியேறும் குழாயின் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், இரண்டு முறை அமுக்கியதும் தண்ணீர் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். கடைக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றும்போது அவருக்கு அதுதான் வசதி. நமக்கோ பாடமே அங்கே கெட்டுவிடும், ஏனென்றால் யாரும் அமுக்காமலே ஓட்டம் நடக்கிறது. வெளியேறும் முனையை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே, பாத்திரத்தின் விளிம்பில் ஒரு துணி கிளிப்பால் பொருத்திவிடுங்கள். குமிழின் தலையில் இருக்கும் காற்றுத் திருகை இறுக்கி மூடியிருக்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் தண்ணீர் ஏறாது.

முதல் வேலை அளப்பது. பத்து முறை முழுதாக அமுக்கி, வரும் தண்ணீரை அளவு ஜாரில் பிடிக்கச் சொல்லுங்கள். 420 மில்லி வந்தால் ஒரு அமுக்குக்கு 42 மில்லி. வேறொரு மாணவர் அரைகுறையாக அமுக்கினால் 300 வரும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உதவும். 300-க்கும் கீழே போய்க்கொண்டே இருந்தால் கையைக் குறை சொல்லாமல் வால்வைப் பாருங்கள். மணலோ நூலோ சிக்கியிருக்கும், அமுக்கும்போது கொஞ்சம் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகும். வால்வு கசியும் இதயத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல அதுவே சரியான இடம்.

அடுத்து இரண்டு பம்பு, இரண்டு தெளிவான பிளாஸ்டிக் டப்பா. ஒன்றில் 'உடல்', மற்றதில் 'நுரையீரல்' என்று எழுதி ஒட்டி, இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வலப்பக்கப் பம்பு உடலிலிருந்து எடுத்து நுரையீரலுக்கு அனுப்பும், இடப்பக்கப் பம்பு நுரையீரலிலிருந்து எடுத்து உடலுக்கு அனுப்பும். இருவர் அமுக்க, ஒருவர் கைதட்டித் தாளம் கொடுக்கட்டும். நீல மை, சிவப்பு மை என்று இரண்டு நிறம் கலக்க வேண்டாம். இரண்டு அமுக்கிலேயே ஊதா ஆகிவிடும், 'சிரையில் ஓடுவது நீல இரத்தம்' என்ற தவறான எண்ணமும் மண்டையில் ஏறிவிடும்.

தாளம் சரியாக இருக்கும்வரை இரண்டு டப்பாவின் மட்டமும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இப்போது இடப்பக்கப் பம்பு பிடித்திருப்பவரிடம் மட்டும் பாதி அமுக்கச் சொல்லுங்கள். நுரையீரல் டப்பாவில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், உடல் டப்பா வற்றும். இடது வெண்ட்ரிக்கிள் பலவீனமானவர்களுக்கு மூச்சுத்திணறல் ஏன் வருகிறது என்பது அந்த மட்டம் ஏறுவதிலேயே தெரிந்துவிடும். நான் இங்கே ஒரு கேள்வி கேட்பேன்: "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிமன் அதிகம். அப்படியானால் அது வலதைவிட அதிக இரத்தத்தை அனுப்புகிறதா?" பாதி வகுப்பு ஆமாம் என்று சொல்லும். அப்படி அனுப்பினால் எந்த டப்பா வற்றும் என்று திருப்பிக் கேட்டால் போதும், அவர்களே திருத்திக்கொள்வார்கள். அனுப்பும் அளவு ஒன்றுதான், அழுத்தம்தான் வேறு. இடப்பக்கக் குழாயைக் கிளிப்பால் கொஞ்சம் நெருக்கிவிட்டு அமுக்கச் சொன்னால், அதே அளவை அனுப்பக் கை எவ்வளவு வலிக்கிறது என்று தெரியும்.

கடைப் பம்புகள் இரண்டும் துல்லியமாக ஒரே அளவு தராது. ஒன்று 42, மற்றது 40 என்றால் நூறு அமுக்கில் 200 மில்லி ஒரு பக்கம் சேர்ந்துவிடும். கூர்மையான மாணவி ஒருத்தி, "அப்போ நிஜ இதயத்தில் எப்படி மிஸ், இவ்வளவு சரியாக இருக்கும்?" என்று கேட்பாள். நல்ல கேள்வி. அதிகமாக வந்து நிரம்பினால் இதயத் தசை அதிகமாக விரியும். அதிகமாக விரிந்த தசை அதிக வலுவோடு சுருங்கும். வந்ததை வந்தபடி அனுப்பிவிடும் அந்த ஏற்பாடு குமிழுக்குக் கிடையாது.

நாடிக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் ஒரு நீள பலூனுக்கு ஒதுக்குங்கள். அதன் மூடிய நுனியை வெட்டி, ஒரு முனையைப் பம்பின் வெளிக்குழாயிலும், மறு முனையைக் காலியான பேனாக் கூட்டிலும் மாட்டி நூலால் கட்டுங்கள். அமுக்கும்போது பலூன் புடைக்கும். விட்ட பிறகும் அது சுருங்குவதால் பேனா முனையில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பலூன் மேல் விரலை வைத்தால் ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு தட்டல். தமனியில் நாம் பிடிப்பது இந்தப் புடைப்பைத்தான்.

சரி, நாடி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும், கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில், எலும்புக்குச் சற்று உள்ளே. கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது, அதில் தன் நாடியே தட்டும். அழுத்திப் பிடித்தால் தமனி அமுங்கித் துடிப்பு மறையும். கிடைக்காதவர்களில் பலர் அழுத்தியவர்கள்தான். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் இருவரை எண்ணச் சொல்லுங்கள், எண்ணிக்கை ஒன்றாகவே வரும். கழுத்து நாடி வேண்டாம், இரு பக்கமும் சேர்த்து அமுக்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

எண்ணுவதில் வரும் பிழையைப் பலகையிலேயே பார்க்கலாம். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொன்னால், பலகையில் விழும் எண்கள் 72, 76, 80, 84 என்று எல்லாம் நான்கின் மடங்காகவே இருக்கும். அதாவது ஒரு துடிப்பு தவறினால் விடையில் நான்கு தவறும். யாராவது 74 என்று சொன்னால் எண்ணவில்லை, பக்கத்து நோட்டைப் பார்த்துக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார். இன்னொன்று, கடிகாரம் ஓடத் தொடங்கும் அந்தத் துடிப்பை 'ஒன்று' என்று எண்ணுவது. அது பூஜ்யம். அதை ஒன்றாக எண்ணினால் வகுப்பு முழுவதற்கும் நான்கு கூடுதலாகும். ஆகவே ஓய்வு நாடியை முழு 60 வினாடி எண்ணுங்கள், அதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும்.

உடற்பயிற்சிக்குப் பிறகு கதை தலைகீழ். ஒரு மாணவனின் ஓய்வு நாடி 76. ஒரு நிமிடம் நின்ற இடத்தில் குதித்தான். நிறுத்தியவுடன் 15 வினாடியில் 33, அதாவது நிமிடத்துக்கு 132. அடுத்தடுத்த 15 வினாடிகளில் 31, 28, 27. முழு நிமிடமும் எண்ணியிருந்தால் 119 என்றுதான் வந்திருக்கும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே இதயம் தணிந்துவிடுகிறது. அதனால் இங்கே 15 வினாடிதான் சரி, நான்கு பிழை வந்தாலும் பரவாயில்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, இரத்தசோகை உள்ளவர்களைக் குதிக்க விடாமல் நேரம் பார்க்கும் வேலையில் போடுங்கள். யாருக்கு என்ன என்று வகுப்பு நடுவில் கேட்காமல் முன்னதாகவே தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெருக்கல். ஓய்வில் இருக்கும் பெரியவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி அனுப்பும். உங்கள் பம்பின் 42 மில்லி பக்கத்தில் அதை எழுதுங்கள். அளவு ஜாரைக் கையில் பிடித்தவர்களுக்கு 70 என்பது வெறும் எண்ணாக இருக்காது. 76 × 70 = 5320 மில்லி. பெரியவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். மணிக்கு 319 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் இருபத்தொரு குடம்! பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு எண்ணுமே சற்றுக் குறையும், ஆனால் வாதம் மாறாது.

இங்கேதான் ஹார்வியைக் கொண்டு வருவேன். கல்லீரல் உணவிலிருந்து இரத்தத்தைப் புதிதாக உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. 1628-இல் வில்லியம் ஹார்வி வேண்டுமென்றே குறைவான எண்களை எடுத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டார். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய அளவு. அப்படியும், உண்ணும் உணவிலிருந்து உண்டாக முடியாத அளவு இரத்தம் வந்தது. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பி வர வேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு எப்படிப் போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைப் பார்த்தார். நம் மாதிரியிலும் அந்த இடத்தில் வெறும் டப்பாதான் இருக்கிறது, அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்ல வேண்டிய இன்னொரு குறை, குமிழ் விரியும்போது தண்ணீரை உறிஞ்சுவது. இதைப் பார்த்த சிலர் தேர்வில் 'இதயம் இரத்தத்தை உறிஞ்சி இழுக்கிறது' என்று எழுதுகிறார்கள். வெண்ட்ரிக்கிள் பெரும்பாலும் சிரைகளில் திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தத்தாலும், கடைசியில் ஆரிக்கிள் சுருங்குவதாலும் நிரம்புகிறது.

அலகுத் தேர்வில் நான் வைக்கும் கேள்வி இதுதான்: ஒருவரின் நாடி 75, ஒரு துடிப்புக்கு 70 மில்லி, மொத்த இரத்தம் 5 லிட்டர். ஒரு நிமிடத்தில் இதயத்தின் இடப்பக்கம் அனுப்பும் அளவு என்ன? அதே நிமிடத்தில் வலப்பக்கம் அனுப்பும் அளவு என்ன? இதிலிருந்து என்ன தெரிகிறது? 5250 மில்லிக்கு ஒரு மதிப்பெண், வலப்பக்கமும் அதே 5250 என்பதற்கு ஒன்று, அதே இரத்தம் திரும்பத் திரும்ப வருகிறது என்று காரணத்தோடு எழுதினால் இரண்டு. வலப்பக்கத்துக்கு 5250-ஐ இரண்டால் வகுத்து 2625 என்று எழுதுகிறவர்கள் இருந்தால், அவர்களை மறுநாள் இரண்டு டப்பா முன்னால் உட்கார வையுங்கள்.